பி மதிப்பைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

மருத்துவ முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் கை ஸ்கொயர் டெஸ்ட்தான். வருகிறவர்கள் எல்லாரும் நேராகப் பி மதிப்பைத்தான் காட்டுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு இரண்டு: ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை எவ்வளவு? டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது வரையற்ற பாகைகள், எத்தனை? அட்டவணை சிறியதாக இருந்தால் முடிவே இந்த இரண்டில்தான் தொங்குகிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. அறுவை சிகிச்சைக் காயத்துக்கு 20 பேருக்குப் புதிய வகைக் கட்டு, 20 பேருக்கு வழக்கமான கட்டு. யாருக்குத் தொற்று வந்தது என்று பார்க்கிறோம்.

| | தொற்று உண்டு | இல்லை |
|---|---|---|
| புதிய கட்டு | 1 | 19 |
| வழக்கமான கட்டு | 6 | 14 |

கை ஸ்கொயர் 4.33, பாகை 1, பி மதிப்பு 0.037. 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, புதிய கட்டுதான் சிறந்தது என்று ஆய்வேட்டில் எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

மொத்தம் 40 பேரில் 7 பேருக்குத் தொற்று. இரண்டு கட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேருக்குத் தொற்று வந்திருக்க வேண்டும்? வரிசைக் கூட்டுத்தொகையை நிரல் கூட்டுத்தொகையால் பெருக்கி மொத்தத்தால் வகுத்தால் 20 × 7 ÷ 40 = 3.5. தொற்று இல்லாதவர்களுக்கு 16.5. ஆக, நான்கு கட்டங்களில் இரண்டில் எதிர்பார்ப்பு, வழக்கமாகக் கேட்கப்படும் 5-ஐவிடக் குறைவு. SPSS இதை அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் சொல்கிறது: "2 cells (50.0%) have expected count less than 5. The minimum expected count is 3.50." ஆய்வேட்டுக்கு அட்டவணையை வெட்டி ஒட்டும்போது பெரும்பாலும் முதலில் காணாமல் போவது இந்த வரிதான்.

குறைந்தால் என்ன கெடுகிறது? பி மதிப்பு ஒரு வழவழப்பான வளைகோட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனால் 7 தொற்றுகளை 20, 20 பேர் கொண்ட இரண்டு பிரிவுகளுக்குள் எப்படிப் பிரிக்க முடியும்? 0–7, 1–6, 2–5, 3–4, அப்புறம் இவற்றின் மறுபக்கம். அவ்வளவுதான். ஆகவே கை ஸ்கொயருக்கு இங்கே நான்கே மதிப்புகள் கிடைக்கும்: 0.17, 1.56, 4.33, 8.48. பி மதிப்பு 0.05-க்கு வளைகோடு 3.84-இல் எல்லை போடுகிறது. நம் அட்டவணையோ 1.56-இலிருந்து 4.33-க்கு ஒரே தாவாகத் தாவுகிறது. ஒரே ஒரு நோயாளி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் முடிவு மாறிவிடுகிறது.

அதனால்தான் இப்படிப்பட்ட இடத்தில் ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட். அது வளைகோட்டை நம்பாமல், சாத்தியமான பிரிவினைகளை எண்ணியே கணக்கிடுகிறது. நம் அட்டவணைக்கு இருபக்கப் பி மதிப்பு 0.091. யேட்ஸ் 1934-இல் தந்த திருத்தத்தைப் போட்டால் 0.096. முதலில் வந்த 0.037 எங்கே, இது எங்கே! கட்டும் மாறவில்லை, நோயாளிகளும் மாறவில்லை.

இங்கே ஒரு தவறான புரிதலை அடிக்கடி பார்க்கிறேன். கண்ணில் தெரியும் எண் 5-க்குக் கீழே இருந்தால் கை ஸ்கொயர் கூடாது என்று நினைக்கிறார்கள். பார்க்க வேண்டியது எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை. 30 பேரில் 3, இன்னொரு 30 பேரில் 15 என்று இருந்தால் எதிர்பார்ப்பு 9, 9, 21, 21. கட்டத்தில் 3 இருந்தும் சோதனை தாராளமாகச் செல்லும். அந்த 5-உம் கல்வெட்டு அல்ல. 1954-இல் காக்ரன் சொன்ன வழிகாட்டுதல் இன்னும் நெகிழ்வானது: பாகை 1-க்கு மேல் உள்ள அட்டவணையில், எந்தக் கட்டத்திலும் எதிர்பார்ப்பு 1-க்குக் கீழே போகாமல், 5-க்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். ஃபிஷர் சோதனை சற்று அதிகமாகவே தயங்கும் என்ற விமர்சனமும் நியாயமானது. ஆனாலும் 40 பேர் கொண்ட இந்த அட்டவணைக்கு நான் ஃபிஷரைத்தான் கேட்பேன்.

இனி பாகைக்கு வருவோம். வரிசை, நிரல் கூட்டுத்தொகைகள் தெரிந்தபின், இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்பினால் மற்ற மூன்றும் தானாக நிரம்பிவிடும். அதனால் பாகை 1. பொதுவாக (வரிசை − 1) × (நிரல் − 1). இது ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்ததல்ல. 1900-இல் இந்தச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சனின் கணக்குப்படி நான்கு கட்டங்களுக்கு 3 பாகை. 1922-இல் ஃபிஷர்தான் அது 1 என்று காட்டினார். நம் 4.33-க்கு 3 பாகை போட்டால் பி மதிப்பு 0.23 ஆகிவிடும்.

இன்று மென்பொருள் சூத்திரத்தில் தவறுவதில்லை. தவறு நாம் கொடுக்கும் அட்டவணையில் வருகிறது. எக்செல்லில் கூட்டுத்தொகை வரிசையையும் நிரலையும் சேர்த்தே நகலெடுத்து R-க்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது மூன்றுக்கு மூன்று அட்டவணை என்று R எடுத்துக்கொள்ளும். கூட்டுத்தொகைக் கட்டங்களில் எதிர்பார்ப்பும் கண்டதும் ஒன்றாகவே இருப்பதால் கை ஸ்கொயர் துளியும் மாறாது, அதே 4.33. ஆனால் பாகை 4, பி மதிப்பு 0.36. கையால் போட்ட கை ஸ்கொயரோடு ஒப்பிட்டு "சரியாக இருக்கிறதே" என்று விட்டுவிட்டால் இந்தப் பிழை தப்பிவிடும். காட்டிக்கொடுப்பது பாகை மட்டும்தான்.

தரவுப் பதிவிலும் இது நடக்கும். "Yes", "yes" என்று இரண்டு விதமாகத் தட்டச்சு செய்திருந்தாலோ, விடுபட்டதற்குப் போட்ட 9 என்ற குறியீட்டை மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டிருந்தாலோ, ஒரு நிரல் கூடி, 1 வர வேண்டிய பாகை 2 ஆக வரும். அதனால் ஓட்டுவதற்கு முன்பே பாகை எவ்வளவு வர வேண்டும் என்று தாளில் எழுதி வையுங்கள்.

மொத்த எண்ணையும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைக் கொடுத்தால், அதாவது 5, 95, 30, 70 என்று, 40 பேர் 200 பேராகி, கை ஸ்கொயர் ஐந்து மடங்காகி 21.6 வந்து நிற்கும். பாகை 1-தான், எதிர்பார்ப்பும் 17.5-க்குக் குறையாது. பாகை, எதிர்பார்ப்பு இரண்டிலும் தேறிவிடும். மொத்தம் 40 இல்லை என்பதுதான் இதைப் பிடிக்கும்.

R-இல் இவ்வளவுதான் வேலை:

```r
t <- matrix(c(1, 6, 19, 14), nrow = 2)
k <- chisq.test(t, correct = FALSE)
sum(t)
k$expected
k$parameter
fisher.test(t)
```

`correct = FALSE` போடாவிட்டால், இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு R தானாகவே யேட்ஸ் திருத்தத்தைச் சேர்க்கும். வழிகாட்டியின் SPSS-இல் 0.037, மாணவரின் R-இல் 0.096 என்று வந்து இருவரும் குழம்புவதற்குக் காரணம் இதுதான். இரண்டில் பிடித்ததை எடுத்துக்கொள்வது மட்டும் கூடாது. எந்தச் சோதனை என்பதை எதிர்பார்ப்பு எண்களைப் பார்த்து, பி மதிப்பைப் பார்க்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

ஆய்வேட்டில் நான் எழுதச் சொல்வது இப்படி: "புதிய கட்டில் 20-இல் 1 (5%), வழக்கமான கட்டில் 20-இல் 6 (30%) பேருக்குத் தொற்று ஏற்பட்டது. குறைந்தபட்ச எதிர்பார்ப்பு 3.5 என்பதால் ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட் பயன்படுத்தப்பட்டது. இருபக்கப் பி மதிப்பு 0.091."