தவறான எண் விட்டுச்செல்லும் தடம்

3, 7, 13, 21, 31, 45, 57, 73. இந்த எட்டு எண்களில் ஒன்று தவறு. பார்த்தவுடன் எதுவும் உறுத்துவதில்லை: எல்லாமே ஒற்றைப்படை, எல்லாமே ஏறுமுகம்.

அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தால் 4, 6, 8, 10, 14, 12, 16 என்று வருகிறது. 14-உம் 12-உம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. அவசரக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 31-இலிருந்து 45-க்கான தாவல் பிசகியதைக் கண்டு 31-ஐ அடித்துவிடுவார்கள். ஆனால் 31 தவறென்றால் அதற்கு முந்தைய 10-உம் கெட்டிருக்க வேண்டும். அது சரியாகவே இருக்கிறது. கெட்டுப்போன இரண்டு தாவல்களுக்கும் பொதுவான எண் 45 மட்டுமே.

சந்தேகம் தீர இன்னொரு முறை கழிக்கலாம். இப்போது கிடைப்பது 2, 2, 2, 4, −2, 4. எல்லாம் 2 ஆக இருக்க வேண்டிய இடத்தில் கடைசி மூன்றும் முறையே +2, −4, +2 என விலகியிருக்கின்றன. இந்த விகிதம் தற்செயலானது அல்ல. இரண்டாம் வேறுபாடு என்பது இருபக்க எண்களின் கூட்டலிலிருந்து நடு எண்ணின் இருமடங்கைக் கழித்தது. அதனால் ஓர் எண் பிசகினால் அந்தப் பிசகு பக்கத்தில் ஒரு மடங்கும், நடுவில் எதிர்க்குறியோடு இரு மடங்கும், மறுபக்கத்தில் மீண்டும் ஒரு மடங்குமாகப் பரவுகிறது. நடு விலகல் −4 என்பதால் பிசகு +2. அதாவது 45 இரண்டு கூடுதல். சரியான எண் 43. முதல் உறுப்பு 1 × 2 + 1, இரண்டாவது 2 × 3 + 1 என்று போகும் ஒழுங்கில் ஆறாம் உறுப்பை 6 × 7 + 1 என்று வைத்தாலும் அதுவே கிடைக்கிறது.

கணிப்பொறிக்கு முந்தைய காலத்தில் கணித அட்டவணைகளில் புகுந்த பிழைகளை இப்படித்தான் பிடித்தார்கள். அங்கே ஒரு தொல்லை உண்டு: கடைசி இலக்கத்தை முழுமையாக்கும்போது வரும் சிறு பிசகுகளும் ஒவ்வொரு கழித்தலிலும் பெருகும். நான்காம் வேறுபாட்டில் அரை அலகுப் பிசகுகள் சேர்ந்து 8 அலகுவரை போகலாம். அதற்குள் அடங்கும் பிழையை இந்த முறை காட்டிக்கொடுக்காது.

பெருக்கல் தொடருக்குக் கழித்தல் உதவாது, வகுக்க வேண்டும். 5, 10, 20, 42, 80, 160 என்பதில் விகிதங்கள் 2, 2, 2.1, ஏறக்குறைய 1.9, 2. ஒன்று ஏறி அடுத்தது இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் சரியாக 4. இடையில் நிற்கும் 42-தான் குற்றவாளி.

தொடர் குட்டையாக இருந்தால் எந்த முறையும் கைவிடும். 3, 7, 13, 23 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எண்ணை 21 ஆக்கினால் இரண்டாம் வேறுபாடுகள் 2, 2. முதல் எண்ணை 5 ஆக்கினாலோ 4, 4. இரண்டுமே ஒழுங்கான தொடர்கள்தான். தவறானது 3-ஆ, 23-ஆ என்று கேட்டால் பதில் சொல்ல ஐந்தாவது எண் வேண்டும்.