படச்சுருளா, டிஜிட்டலா? சன்னலுக்கு வெளியே அடிக்கும் வெயிலை வைத்து ஒரு கணக்கு

முதல் படத்தை இயக்கவிருக்கும் இளைஞர்கள் சிலர், கதை சொல்லி முடித்ததும், ஒளிப்பதிவு செய்யும் என்னிடம், "இதை ஃபிலிமில் எடுக்கலாமா, சார்?" என்று கேட்பதுண்டு. ஏன் என்று திருப்பிக் கேட்டால், ஃபிலிமில் பொடிமணல் போலத் தெரியும் கிரெயின் அழகாக இருக்கும், நிறம் வேறு மாதிரி இருக்கும் என்று பதில் வரும். இந்த இரண்டுமே படச்சுருளைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணங்கள் அல்ல என்பது என் கருத்து. நிறத்தையும் கிரெயினையும், எடுத்த படத்தைக் கணினியில் நிறம் திருத்தும் டிஐ அறையில் பெருமளவு உருவாக்கிவிடலாம். ஒளிப்பதிவாளர் ஸ்டீவ் யெட்லின் 2019-இல் வெளிவந்த 'நைவ்ஸ் அவுட்' படத்தை டிஜிட்டல் கேமராவில் எடுத்து, ஃபிலிமின் தோற்றத்தைக் கணக்கு போட்டு வரவழைத்தார். திரையரங்கில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் இன்னும் சில இயக்குநர்கள் படச்சுருளையே பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பிடிவாதமா? ஓரளவு பிடிவாதமும் உண்டு. ஆனால் வெளிச்சம் மிகும் இடத்தில் ஃபிலிம் நெகட்டிவும் டிஜிட்டல் கேமராவின் சென்சாரும் நடந்துகொள்ளும் விதம் அடிப்படையிலேயே வேறு. படப்பிடிப்பின்போது பதிவாகாமல் போனதை எந்த டிஐ அறையாலும் திருப்பித் தர முடியாது என்பதால், இந்த வேறுபாட்டைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ப் படப்பிடிப்பில் அடிக்கடி வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நண்பகல் நேரம், ஓட்டு வீட்டின் உட்புறம், சன்னலோரமாக ஒரு பெண் நிற்கிறாள். சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் வெயில் நேராக விழுகிறது. ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் பார்த்தால் முகத்தைவிடச் சுவர் ஏழு ஸ்டாப் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவதால், சுவரிலிருந்து வரும் ஒளி முகத்திலிருந்து வருவதைப் போல 128 மடங்கு ஆகிறது. திண்ணையில் இருக்கும் எவர்சில்வர் குடத்தில் பட்டுத் தெறிக்கும் சூரியன் அதையும் தாண்டி நிற்கும்.

டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. சேர்த்துவைக்க ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வரை எண்ணிக்கை நேராக ஏறிக்கொண்டே போகும். எல்லையைத் தொட்டதும் சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் அது வெறும் வெள்ளைதான். ஆரி நிறுவனத்தின் அலெக்சா கேமரா 2010-இல் வந்தபோது இந்த எல்லை பெரிதும் உயர்ந்தது. ஒளியுணர்வைக் குறிக்கும் ஏஎஸ்ஏ எண் 800-இல், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலான நடுச்சாம்பலுக்கு மேலே 7.4 ஸ்டாப் வரை அது தாங்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே முகத்தை நடுச்சாம்பல் அளவில் வைத்தால் நம் சுண்ணாம்புச் சுவர் அலெக்சாவில் விளிம்பில் தப்பிவிடும், குடத்தின் பளபளப்பு தப்பாது. அதைவிட மலிவான கேமராக்களில் சுவரே போய்விடும். அப்படிப் போகும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே நேரத்தில் எல்லையைத் தொடுவதில்லை என்பதால், வெளுத்த பகுதியைச் சுற்றி நிறம் திரிந்து ஒரு கோடு விழும். நெற்றி வியர்வையில் வெயில் படும் குளோசப்களில் அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நெகட்டிவில் நடப்பது வேறு. ஃபிலிமின் மேல் பூசப்பட்டிருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய துகள்களுக்குச் சிறிது வெளிச்சமே போதும், சிறியவற்றுக்கு நிறைய வேண்டும். வெளிச்சம் கூடக்கூடப் பெரியவை முதலில் தீர்ந்துபோக, மிச்சமிருக்கும் சிறியவை ஒவ்வொன்றாகப் பதிவுக்கு வருகின்றன. இதனால் நெகட்டிவின் அடர்த்தி ஒரு கட்டத்துக்கு மேல் மெதுவாக ஏறுமே ஒழிய, சட்டென்று நிற்காது. சுவர் வெளுத்துத்தான் தெரியும், ஆனால் சுண்ணாம்பு உதிர்ந்த இடமும் விரிசலும் மங்கலாகவாவது அதில் இருக்கும். முகத்திலிருந்து வெயிலுக்குப் போகும் வழியில் எங்கும் கோடு விழாது. இந்த ஒன்றுக்காகவே கடற்கரை, பாலைவனம், நெருப்பு போன்றவை நிறைந்த கதைகளுக்குப் படச்சுருளைக் கேட்கும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

இதே காரணத்தின் மறுபக்கத்தில்தான் டிஜிட்டலில் பழகியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வெளிச்சம் குறைவாகக் கொடுத்தால் நெகட்டிவில் பெரிய துகள்கள் மட்டுமே வேலை செய்யும், சிறியவை தொடப்படாமலே கழுவப்பட்டுவிடும். அப்போது கிடைப்பது இயக்குநர் ஆசைப்பட்ட கிரெயின் அல்ல. இருட்டுப் பகுதியில் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும் ஓர் இரைச்சல். டிஜிட்டல் கேமராவில் மானிட்டரைப் பார்த்து, வெளிச்சம் எல்லையைத் தொடாதபடி லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடி, இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்வது நல்ல பழக்கம். அதே பழக்கத்தோடு நெகட்டிவில் சன்னலைக் காப்பாற்றப் போனால், காப்பாற்றத் தேவையில்லாத சுவர் பத்திரமாக இருக்கும், முகம் போய்விடும்.

இப்படிப்பட்ட மெலிந்த நெகட்டிவைக் கண்டுபிடிப்பது எளிது. லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால், பெண்ணின் கூந்தலும் அறையின் மூலையும் இருக்க வேண்டிய இடத்தில் ஃபிலிமின் ஆரஞ்சு அடிநிறம் மட்டும் கண்ணாடி போலத் தெரியும். ஸ்கேன் செய்து பார்த்தால் கறுப்பு கறுப்பாக இராமல் புகை படிந்த சாம்பலாக நிற்கும். டிஐ-யில் அந்தச் சாம்பலை அமுக்கிக் கறுப்பாக்கலாம், ஆனால் கூந்தலின் இழைகளும் அதோடு அமுங்கிவிடும். அதனால்தான் பகல் வெளிச்சத்துக்கான கோடக் 250D ஸ்டாக்கை நான் 250 ஏஎஸ்ஏ என்று எடுத்துக்கொள்ளாமல் மீட்டரில் 160 என்று வைக்கிறேன். ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். மேலே சொன்ன காட்சியில் முகத்தின் நிழல் பக்கத்தை அளந்து அப்பர்ச்சரை முடிவு செய்வேன், சுவரைப் பற்றிக் கவலைப்படமாட்டேன். அலெக்சாவில் இதே காட்சியை எடுத்தால் முதலில் சுவரைத்தான் அளப்பேன். தேவைப்பட்டால் சன்னலுக்கு வெளியே கறுப்பு வலை கட்டச் சொல்வேன், அல்லது உள்ளே விளக்கைக் கூட்டுவேன்.

இரவுக் காட்சிகளில் கணக்கு தலைகீழாகிவிடும். கோடக்கின் வண்ண நெகட்டிவ்களில் வேகமானது, அதாவது குறைந்த ஒளியிலும் பதிவாவது, 500T என்பதால், தெருவிளக்கை மட்டும் நம்பி எடுக்க நினைக்கும் இயக்குநருக்கு நான் தயக்கமின்றி டிஜிட்டலைத்தான் சொல்வேன். மைக்கேல் மான் 2004-இல் 'கொலாட்டரல்' படத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் இரவுகளை டிஜிட்டலில் எடுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

அடுத்தது படப்பிடிப்புத் தளத்தின் ஒழுங்கு. 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். 400 அடி ரோல் நான்கரை நிமிடம்கூட வராது. கிறிஸ்டோபர் நோலன் பயன்படுத்தும் ஐமாக்ஸ் கேமராவில் 1000 அடியே மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். 2023-இல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காகக் கோடக் நிறுவனம் அதுவரை இல்லாத 65 எம்எம் கறுப்பு வெள்ளை நெகட்டிவைத் தயாரித்துக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். அத்தகைய படத்திலும் ஐமாக்ஸ் கேமராவில் எடுத்த ஒவ்வொரு டேக்கையும் இந்த மூன்று நிமிடத்துக்குள்தான் அடக்க வேண்டியிருந்தது. சுருள் ஓடும் சத்தம் கேட்கும்போது தளத்தில் யாரும் செல்பேசியைப் பார்ப்பதில்லை என்று ஃபிலிம் இயக்குநர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒத்திகை பார்க்காமல், கேமராவை ஓடவிட்டு நடிகர்களிடம் தேடித்தேடி எடுக்கும் இயக்குநருக்கு இந்த ஒழுங்கு உதவாது, செலவைத்தான் கூட்டும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. படத்தின் நீளத்தைப் போல எட்டு மடங்கு எடுத்தால் 1,08,000 அடி, அதாவது 270 ரோல். தயாரிப்பாளரிடம் போவதற்கு முன் உங்கள் முந்தைய குறும்படத்தில் எத்தனை மடங்கு எடுத்தீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். முப்பது மடங்கு என்று வந்தால் இந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

மானிட்டரில் தெரிவது பதிவாகும் படம் அல்ல என்பதையும் இயக்குநர் பழகிக்கொள்ள வேண்டும். ஃபிலிம் கேமராவின் வீடியோ அசிஸ்ட் காட்டுவது ஃபிரேமை மட்டுமே. வெளிச்சமும் நுணுக்கமான ஃபோகஸும் அதில் தெரியாது. நல்ல டேக் கிடைத்ததும், கேமராவுக்குள் ஃபிலிமில் ஒளி விழும் சட்டமான கேட்டைத் திறந்து பார்க்காமல் அடுத்த ஷாட்டுக்கு நகரவே கூடாது. ஃபிலிமின் விளிம்பிலிருந்து உரிந்த ஒரு சிறு இழை அங்கே ஒட்டியிருந்தால், திரையில் அது கயிறு போல ஆடும்.

சென்னையில் ஜெமினியும் பிரசாத்தும் நெகட்டிவைக் கழுவிக்கொண்டிருந்த நாட்களில், எடுத்ததைக் கழுவி உடனுக்குடன் போட்டுப் பார்க்கும் ரஷ் அன்றாட வேலை. இன்று கழுவும் இடமும் ஸ்கேன் செய்யும் இடமும் முடிவாகாமல் ஒரு ரோல்கூட வாங்கக் கூடாது, ஏனென்றால் நெகட்டிவ் விமானம் ஏற வேண்டிவரலாம். செக்-இன் சாமான்களுக்கான எக்ஸ்ரேயும், கைப்பைகளுக்கு இப்போது பல விமான நிலையங்களில் வைத்திருக்கும் சிடி ஸ்கேனரும் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும். 500 ஏஎஸ்ஏ ஸ்டாக் 50-ஐவிட விரைவில் பாதிக்கப்படும். கறுப்பு வெளுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் அலை போல மறுபடி மறுபடி வந்தால் அது கேமராவின் தவறு அல்ல, ஸ்கேனரின் வேலை. கைப்படச் சோதிக்கும்படி விமான நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கடிதம் வாங்கிக்கொள்வதும், படச்சுருள்களை அனுப்பிப் பழகிய சரக்கு முகவரிடம் கொடுப்பதும்தான் வழி.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபிலிம்தான் வேண்டும் என்றால், ஒரே ஒரு 400 அடி ரோலில் சோதனை எடுங்கள். உங்கள் நடிகையை, படத்தில் அணியப்போகும் அடர்நிறச் சேலையிலேயே உட்காரவைத்து, இரண்டு ஸ்டாப் குறைவிலிருந்து நான்கு ஸ்டாப் கூடுதல் வரை ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பதினைந்து விநாடி ஓடவிடுங்கள். ஏழு துண்டுகளுக்கும் சேர்த்து 160 அடிக்குள் முடிந்துவிடும். மிச்சத்தில் நண்பகல் சன்னல் காட்சியை எடுத்து, அதே லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டி அதையும் எடுங்கள். லேப்டாப்பில் பார்க்காமல் ஒரு திரையரங்கில் போட்டு, ஒரு ஸ்டாப் குறைவான துண்டில் சேலையின் மடிப்புகளையும், சன்னல் காட்சியில் கன்னத்திலிருந்து சுவருக்குப் போகும் இடத்தையும் பாருங்கள். இரண்டாவதில் உங்கள் கண்ணுக்கே வேறுபாடு தெரியவில்லை என்றால் டிஜிட்டலில் எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நான்கு நாள் படப்பிடிப்பு நடத்தலாம்.