சூடான தகட்டில் மோதும் காற்றுத் தாரை: சராசரிக் கெழுவைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு சூடான தகட்டைக் காற்றால் குளிர்விக்க வேண்டுமென்றால், காற்றை அதன் மேல் பக்கவாட்டில் தவழ விடலாம். அல்லது ஒரு நாசில் வழியாகச் செங்குத்தாக மோத விடலாம். மோத விடுவதில் ஒரு பெரிய ஆதாயம் உண்டு. வெப்பம் தகட்டிலிருந்து காற்றுக்குப் போக, தகட்டை ஒட்டி வேகம் குறைந்து கிடக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைத் தாண்டியாக வேண்டும். இந்த எல்லைப் படலம்தான் முக்கியத் தடை. தாரை நேராக மோதும் இடத்தில் காற்று நின்று, நாலா பக்கமும் திரும்பி, வேகமெடுத்து ஓடுகிறது. அப்படி வேகம் கூடிக்கொண்டே போவதால் படலம் தடிக்க வழியில்லை. நாசில் விட்டத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு அளவிலேயே அது நின்றுவிடுகிறது.

மையத்திலிருந்து விலக விலக நிலைமை மாறுகிறது. காற்று விரிந்து பரவுகிறது, வேகம் இறங்குகிறது, படலம் தடிக்கிறது, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரிலிருந்து எத்தனை வாட் வெப்பம் போகும் என்று சொல்லும் வெப்பமாற்றக் கெழு சரிகிறது. அதனால் இந்தத் தகட்டுக்கு இதுதான் கெழு என்று ஒரே எண்ணைச் சொல்வதானால், எந்த வட்டத்துக்குள் சராசரி எடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாசில் அளவும் வேகமும் மட்டும் தெரிந்தால் போதாது. தகட்டின் ஆரமும் வேண்டும்.

ஒற்றை வட்ட நாசிலுக்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரம், ஹோல்கர் மார்ட்டின் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது:

```
Nu = G · F · Pr^0.42
F  = 2 · Re^0.5 · (1 + 0.005·Re^0.55)^0.5
G  = (D/r) · (1 − 1.1·D/r) / (1 + 0.1·(H/D − 6)·D/r)
```

D நாசிலின் உள்விட்டம், H நாசில் வாயிலிலிருந்து தகடு வரை உள்ள தூரம், r சராசரி எடுக்கும் வட்டத்தின் ஆரம். Re என்பது ரெனால்ட்ஸ் எண்: நாசில் வாயிலின் சராசரி வேகத்தை விட்டத்தால் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் கிடைப்பது. Pr பிராண்டல் எண். காற்றுக்கு ஏறத்தாழ 0.7. கடைசியில் கிடைக்கும் Nu நுசெல்ட் எண். அதிலிருந்து கெழுவுக்கு வர `h = Nu·k/D`. இங்கே k காற்றின் வெப்பக் கடத்துதிறன். F-இல் ஓட்டத்தின் வீரியம் இருக்கிறது, G-இல் வெறும் வடிவ விகிதங்கள்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாசில் விட்டம் 10 மி.மீ., வேகம் நொடிக்கு 30 மீட்டர், தகடு 60 மி.மீ. தள்ளி, தகட்டின் ஆரம் 50 மி.மீ. காற்று 25 டிகிரி செல்சியஸ், தகடு 75 டிகிரி. காற்றின் பண்புகளை இரண்டுக்கும் நடுவான 50 டிகிரியில் எடுக்கிறோம்: பாகுநிலை 18.2×10⁻⁶ மீ²/நொடி, k = 0.028 வாட்/மீ·கெல்வின், Pr = 0.704.

Re ஏறத்தாழ 16,500 வருகிறது. F = 367. H/D சரியாக 6 என்பதால் G-யின் கீழ்ப்பகுதி 1 ஆகிவிடுகிறது; D/r = 0.2 என்பதால் G = 0.2 × 0.78 = 0.156. பிராண்டல் காரணி 0.863. மூன்றையும் பெருக்கினால் Nu = 49. ஆக, h சுமார் 138 வாட்/மீ²·கெல்வின். தகட்டின் பரப்பு 0.00785 சதுர மீட்டர், வெப்பநிலை வித்தியாசம் 50 டிகிரி. தகடு இழக்கும் வெப்பம் சுமார் 54 வாட்.

இந்த எண்ணை அப்படியே நம்பாமல் ஒரு எளிய சோதனை செய்யலாம். நாசிலிலிருந்து நொடிக்கு சுமார் 2.8 கிராம் காற்று வருகிறது. 54 வாட்டையும் அதுவே சுமந்தால் சுமார் 19 டிகிரி சூடேறும். தாரை வழியில் அறைக்காற்றையும் இழுத்துக்கொள்வதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஏறும். 50 டிகிரி வித்தியாசத்துக்குள் இது அடங்குகிறது, சரி. இங்கே 60 அல்லது 70 டிகிரி வந்திருந்தால் எங்கோ அலகு தப்பியிருக்கிறது என்று பொருள்.

இப்போது கெழுவைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் h 217-க்கு ஏறுகிறது, அதாவது 57 சதவீதம் கூடுதல். அதற்குப் பதிலாக வேகத்தை அப்படியே வைத்து விட்டத்தை 20 மி.மீ. ஆக்கி, H/D மாறாதபடி தகட்டையும் 120 மி.மீ. தள்ளினால் h வெறும் 156. காற்றோ நான்கு மடங்கு செலவாகிறது! Nu இரண்டு மடங்குக்கு மேல் ஏறினாலும், h-க்கு வரும்போது பெரிய D-யால் வகுக்க வேண்டியிருப்பதால் ஆதாயம் கரைந்துவிடுகிறது. வேகமும் இலவசமில்லை: இருமடங்கு வேகத்தில் தாரையின் திறன் 1.25 வாட்டிலிருந்து 10 வாட்டாகிறது. எட்டு மடங்கு.

தூரம் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஆனால் சராசரிக்கு அது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. இதே தகட்டை H/D = 2-க்குக் கொண்டுவந்தால் h 150, 12-க்குத் தள்ளினால் 123. மையப்புள்ளியின் கெழு மட்டும் தூரத்தை நன்றாக உணர்கிறது. நாசிலுக்கு வெளியே ஐந்தாறு விட்டம் வரை தாரையின் நடுப்பகுதி வேகம் குறையாமல் வருகிறது. அது கலையும் இடத்தை ஒட்டி, ஆறு முதல் எட்டு விட்டத்தில், மையக் கெழு உச்சம் தொடுகிறது. அதைப் பார்த்துவிட்டு முழுத் தகட்டுக்கும் அதே தூரம்தான் சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

சூத்திரம் செல்லும் எல்லை இது: Re 2,000 முதல் 4,00,000 வரை, H/D 2 முதல் 12 வரை, r/D 2.5 முதல் 7.5 வரை. இவற்றில் கடைசி எல்லையில்தான் பொறி இருக்கிறது. G-யை r-க்கு எதிராக வரைந்து பார்த்தால், H/D = 6-இல் r/D சுமார் 2.2-இல் அது உச்சத்துக்குப் போய், இன்னும் உள்ளே போகப் போக இறங்கி, r = 1.1 D-யில் பூஜ்யமாகிறது. தாரை நேராக அடிக்கும் இடத்தில் வெப்பமே போகாது என்று சூத்திரம் சொல்வதுபோல் ஆகிவிடும். உண்மையில் அங்கேதான் அதிகம் போகும். சிறு சில்லின் மேல் பெரிய நாசிலை வைத்துக் கணக்கிடும்போது இது நடக்கும். ரெனால்ட்ஸ் எண் சரியாக இருப்பதால் சந்தேகமே வராது, விடை மட்டும் குறைந்து வரும். தகடு 2.5 விட்டத்துக்கும் சிறிதானால் மையப்பகுதிக்கென்றே உள்ள வேறு சூத்திரத்துக்குப் போக வேண்டும்.

எல்லைக்குள் இருந்தாலும் பதினைந்து, இருபது சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நாசிலின் உள்வடிவமும் கொந்தளிப்பும் சூத்திரத்துக்குத் தெரியாது. அப்புறம், தாரையும் அறைக்காற்றும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகத்தான் மேலே கணக்கிட்டோம். அறை 40 டிகிரியும் தாரை 25 டிகிரியும் என்றால், வழியில் கலந்த காற்று தகட்டை அடையும்போது 25-ஆக இருக்காது. அப்போது h-ஐ 50 டிகிரியால் பெருக்கினால் வெப்பம் கூடுதலாகத்தான் வரும். வெப்பமூட்டாத தகடு அதே தாரையின் கீழ் எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்று அளந்து, வித்தியாசத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும்.