தலைப்பு வரியை விடுங்கள், முதலில் ‘Admin’ என்ற பெயரை மாற்றுங்கள்

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். “வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், யாரும் சீண்டவே இல்லை. தலைப்பு வரியைக் கொஞ்சம் நல்லா எழுதித் தாங்களேன்.” சரி, அனுப்பியதை எனக்கும் ஒன்று அனுப்புங்கள் என்பேன். வரும். பார்த்தால் தலைப்பு வரியில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. அதற்கு மேலே நிற்கும் பெயரும் கீழே ஓடும் வரியும்தான் காரியத்தைக் கெடுத்திருக்கும்.

கடைசியாகப் பார்த்தது சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் ஓர் இனிப்புக் கடையின் மடல். உண்மைப் பெயர் வேண்டாம், ‘நம்ம கடை’ என்று வைத்துக்கொள்வோம். என் கைத்தொலைபேசியில் ஜிமெயிலைத் திறந்தபோது அது இப்படித் தெரிந்தது:

```
Admin
தீபாவளி முன்பதிவு ஞாயிறு இரவு வரைதான்
View this email in your browser Logo Home Shop…
```

நடு வரியைப் பாருங்கள். எந்தப் பண்டிகை, என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்று எல்லாமே இருக்கிறது. ஆனால் எந்தக் கடையின் முன்பதிவு? அதுதான் இல்லை. இதைச் சொன்னபோது கடைக்காரர், “உள்ளே பெரிசா எங்க லோகோ இருக்கேம்மா, திறந்தாத் தெரிஞ்சிடுமே” என்றார்.

எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது இந்த எண்ணம்தான். உள்ளே இருப்பது திறந்தவருக்கு மட்டும்தான் தெரியும். திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கண்ணுக்கு லோகோ இல்லை, லட்டுப் படம் இல்லை, சலுகை விலை இல்லை. அனுப்புநர் பெயர், தலைப்பு வரி, முன்னோட்ட வரி மூன்றும்தான் இருக்கின்றன. அதிலும் ஜிமெயில், அவுட்லுக், ஆப்பிள் மெயில் மூன்றுமே கைத்தொலைபேசியில் பெயரைத்தான் மேலே வைக்கின்றன. வீட்டு வாசலில் யாராவது கூப்பிட்டால், என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன் யார் என்றுதானே இரும்புக் கேட் வழியாகப் பார்ப்போம்? இதுவும் அப்படித்தான்.

சிங்கப்பூரில் இது இன்னும் கூடுதலாக உண்மை. மோசடிகளைப் பற்றி நம் மக்களுக்கு ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கை சொல்லி வந்திருக்கிறார்கள். 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திகளுக்கு அனுப்புநர் இடத்தில் `Likely-SCAM` என்றே வருகிறது. மின்னஞ்சலில் அப்படி ஒரு முத்திரை விழுவதில்லை. ஆனால் அனுப்புநர் பெயரை முதலில் பார்த்து, தெரியாத பெயர் என்றால் தொடாமல் விடும் பழக்கம் வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். ‘Admin’ என்ற பெயரில் வந்து, “ஞாயிறு இரவு வரைதான்” என்று அவசரப்படுத்தும் மடலை அவர்கள் எதனோடு சேர்ப்பார்கள்? நானாக இருந்தாலும் அழித்திருப்பேன்.

அப்படியானால் என்ன பெயர் வைப்பது? வாடிக்கையாளர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அதை வையுங்கள். “தேக்காவுக்குப் போனா ‘நம்ம கடை’யில முறுக்கு வாங்கிட்டு வா” என்று ஒருவர் சொன்னால், அனுப்புநர் பெயர் ‘நம்ம கடை’. அவ்வளவுதான். நிறுவனப் பதிவில் இருக்கும் முழுப்பெயர் வேண்டாம். நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். கடைக்கு ஒரு பெயர், நிறுவனத்துக்கு வேறு பெயர், அதன் வாலில் ‘Catering & Trading Pte Ltd’. அந்த நீளப் பெயர் இன்பாக்ஸில் பாதியில் வெட்டப்பட்டு, யாருக்கும் தெரியாத தாத்தாவின் பெயர் மட்டும் மிஞ்சும். முழுப்பெயரை விலைச்சீட்டிலும் மடலின் அடியிலும் போடுங்கள்.

பெயரைத் தமிழில் வைப்பதா ஆங்கிலத்தில் வைப்பதா என்று கேட்பார்கள். பெயர்ப்பலகையில் எது பெரிதாக இருக்கிறதோ, மக்கள் எதைப் படித்துப் பழகியிருக்கிறார்களோ அது. தமிழில் வைத்தால் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் தலைப்பகுதியில் தமிழ்ப் பெயரை நேரடியாக வைக்காமல் குறியீடாக மாற்றித்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். நீளப் பெயராக இருந்தால் அந்தக் குறியீடு துண்டுகளாகப் பிரியும். சில பழைய மென்பொருள்கள் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடுவதால் பெயருக்குள் `�` என்று முளைக்கும். சின்னப் பெயராக இருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

சிலர் நெருக்கம் வேண்டும் என்று ஊழியரின் பெயரை வைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அவரைத் தெரியும் என்றால் சரி, ஆனால் பெயரோடு கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக ஒருவர் பெயர் மட்டும் வந்தால், “யார் இது?” என்ற கேள்விதான் எழும். அவர் வேலையை விட்டுப் போன பிறகு, அத்தனை நாள் பழக்கிய பெயரும் கூடவே போய்விடும். எந்தப் பெயரை வைத்தாலும் அதையே வைத்திருங்கள். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று மாற்றினால் ஒவ்வொரு முறையும் புது ஆளாகத்தான் போய் நிற்பீர்கள்.

பெயர் வெறும் ஒட்டு என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குப் பின்னால் முகவரி இருக்கிறது:

```
From: "நம்ம கடை" <order@example.com>
```

சந்தேகப்படுபவர் பெயரைத் தொட்டு முகவரியைப் பார்ப்பார். அங்கே கடையின் சொந்த இணைய முகவரி இருக்க வேண்டும். இலவச மின்னஞ்சல் கணக்கோ `noreply` என்ற சொல்லோ இருந்தால், பெயரில் கிடைத்த நம்பிக்கை அங்கே போய்விடும்.

இப்போது மூன்றாவது வரி. “அது தானாக வருவதுதானே?” என்பார்கள். ஆமாம், தானாகத்தான் வருகிறது. அதுதான் சிக்கல். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால், மின்னஞ்சல் செயலி மடலின் உடலில் முதலில் அகப்படும் எழுத்துகளை எடுத்துப் போட்டுவிடும். பெரும்பாலான வார்ப்புருக்களில் முதலில் இருப்பது ‘View this email in your browser’. அடுத்து லோகோ படத்துக்கான மாற்று உரை, அதற்கடுத்து மேல் பட்டியலின் சொற்கள். மேலே நம்ம கடைக்கு நடந்தது அதுதான்.

மடல் அனுப்பும் சேவைகளில் தலைப்பு வரிக்குப் பக்கத்திலேயே ‘Preview text’ என்றோ ‘Preheader’ என்றோ ஒரு கட்டம் இருக்கும். தயவுசெய்து அதை நிரப்புங்கள். வார்ப்புருவை நீங்களே எழுதுபவர் என்றால் `<body>` திறந்தவுடன் இதைப் போட்டுவிடலாம்:

```html
<div style="display:none;max-height:0;overflow:hidden;mso-hide:all">
அதிரசம், முறுக்கு, லட்டு. கடையிலும் எடுக்கலாம், வீட்டுக்கும் வரும்.
&#847;&zwnj;&nbsp;&#847;&zwnj;&nbsp;&#847;&zwnj;&nbsp;
</div>
```

கடைசிக்கு முந்தைய வரியில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். அவற்றைப் பலமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டும். இல்லையென்றால் உங்கள் வாக்கியம் முடிந்த இடத்தில் பழையபடி ‘View this email’ எட்டிப் பார்க்கும். இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி: மடலின் முதல் வரியையே நல்ல வரியாக எழுதி, மற்றதையெல்லாம் கீழே தள்ளிவிடுங்கள்.

என்ன எழுதுவது? தலைப்பு வரி சொல்லாமல் விட்டதைச் சொல்லுங்கள். அதையே மறுபடி சொன்னால் அந்த இடம் வீண். தலைப்பில் “ஞாயிறு இரவு வரைதான்” என்று வந்துவிட்டது. படித்தவர் மனத்தில் அடுத்து எழும் கேள்விகள், என்னென்ன கிடைக்கும், நேரில் வர வேண்டுமா என்பவை. முன்னோட்ட வரி அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். நம்ம கடைக்கு நாங்கள் மாற்றியது இவ்வளவுதான், தலைப்பைத் தொடவே இல்லை:

```
நம்ம கடை
தீபாவளி முன்பதிவு ஞாயிறு இரவு வரைதான்
அதிரசம், முறுக்கு, லட்டு. கடையிலும் எடுக்கலாம்…
```

முக்கியச் சொற்களை முன்னால் வையுங்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்துக்கென்று சொல்லப்படும் எழுத்து எண்ணிக்கையை நம்பி எழுதினால் வரி அதற்கு முன்பே வெட்டுப்படும். கணினியில் ஜிமெயிலைப் பார்த்தால் தலைப்பும் முன்னோட்டமும் ஒரே வரியில் அடுத்தடுத்து வரும். தலைப்பு நீண்டால் முன்னோட்டத்துக்கு இடமே இருக்காது. அதனால் இரண்டையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பேச்சு தடையில்லாமல் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். ஐபோனில் முன்னோட்டமே வேண்டாம் என்று அமைத்துக்கொள்ளலாம் என்பதால், கடைசி நாள் போன்ற உயிரான தகவலை முன்னோட்டத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கேட்காதவர்களுக்குத் திரளாக விளம்பரம் அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் 2007ஆம் ஆண்டு ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தலைப்பு வரி `<ADV>` என்று தொடங்க வேண்டும், தலைப்பும் அனுப்புநர் விவரமும் ஏமாற்றுபவையாக இருக்கக் கூடாது. பதில் போல் காட்ட `Re:` என்று போடுவது, வங்கியோ அரசு அலுவலகமோ என்று நினைக்க வைக்கும் பெயரை வைப்பது, இதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். செய்து தர மாட்டேன்.

மாற்றிய பிறகு பலன் தெரிகிறதா என்று பார்க்கத் திறப்பு விகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பு வந்ததிலிருந்து, அதை இயக்கியவர்களின் மடல்களில் உள்ள படங்கள் அவர்கள் திறக்காவிட்டாலும் முன்கூட்டியே இறங்கிவிடுகின்றன. படம் இறங்குவதை வைத்தே திறப்பை எண்ணுவதால், திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். சொடுக்கியவர்கள் எத்தனை பேர், முன்பதிவு எத்தனை வந்தது என்று பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் சோதனை மடலை ஓர் ஆண்ட்ராய்டு தொலைபேசி, ஓர் ஐபோன், ஒரு கணினி மூன்றிலும் திறக்காமலே பாருங்கள். ஆனால் கடைக்காரர் தன் தொலைபேசியில் மட்டும் பார்த்துவிட்டு “பேர் சரியாத்தான் வருது” என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த முகவரியை அவர் தொடர்புப் பட்டியலில் ஏற்கெனவே சேமித்திருப்பார், அவர் சேமித்த பெயரே திரையில் வரக்கூடும். முகவரியைச் சேமிக்காத ஒருவர், வீட்டில் அத்தையோ பக்கத்துக் கடைக்காரரோ, அவர் தொலைபேசியில் என்ன பெயர் வருகிறதோ அதைத்தான் உங்கள் வாடிக்கையாளரும் பார்க்கப்போகிறார்.