மாடப்புறாவும் நம் வீட்டுச் சன்ஷேடும்

நகரத்தில் நாம் பார்க்கும் மாடப்புறா, காட்டில் மரக்கிளையில் கூடு கட்டும் பறவை அல்ல. செங்குத்தான பாறைகளில் துருத்தி நிற்கும் விளிம்புகள்தான் அதன் பூர்வீகம். மூன்றாம் மாடி சன்ஷேடும் ஏசி வெளிப்பெட்டியின் பின்பக்கமும் அதன் கண்ணுக்கு அதே பாறை விளிம்புதான். ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை, அடைகாக்கப் பதினெட்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். நம் ஊர் வெப்பத்தில் இது ஆண்டு முழுவதும் நடக்கும். பழகிய இடத்தை அது எளிதில் விடாது. விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வரும். பழைய சிடி, பொம்மை ஆந்தை எல்லாம் சில நாளில் பழகிப்போகும். மீயொலிக் கருவி அதன் காதுக்கே எட்டாது. கால் ஊன்றும் இடத்தை எடுத்துவிடுவது ஒன்றே நிலைக்கும் வழி.

எச்சத்தில் இரண்டு விதமான ஆபத்து உண்டு. முதலாவது தொற்று. காய்ந்த எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நன்றாக வளரும். ஆரோக்கியமானவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கு அது நுரையீரலிலிருந்து மூளை உறை வரை போகக்கூடும்.

இரண்டாவது ஆபத்துக்குத் தொற்றே தேவையில்லை. எச்சத்திலும் இறகின் மாவுத்தூளிலும் உள்ள புரதத்தை நுரையீரல் அந்நியப் பொருளாக எண்ணித் தாக்குகிறது. இதை ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்பார்கள். தூசு கிளம்பிய நாலைந்து மணி நேரம் கழித்து வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சிரைப்பு வரும். வெளியூர் போனால் குறையும். வீடு திரும்பினால் மறுபடி வரும். இந்தப் போக்கைக் கவனித்தால் நுரையீரல் மருத்துவரிடம் புறா விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறும். அந்தத் தழும்பு மறையாது.

ஆகவே காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, வீட்டுப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து அரை மணி ஊறவிடுங்கள். பிறகு தகட்டால் சுரண்டிப் பையில் கட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகுதான் பால்கனிக்கு வலை. அதற்கு முன் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு உள்ளே மாட்டினால் தாய்ப்புறா வலையிலேயே மோதிக்கொண்டிருக்கும்; குஞ்சு செத்து நாறும். பறக்கும் வரை பொறுப்பதே சரி.

பத்தடி அகலம், கைப்பிடிச் சுவருக்கு மேல் ஏழடி உயரத் திறப்பு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 34 அடி. அடிக்கு ஒரு கொக்கி என்றால் 34 கொக்கி. பலர் கொக்கியில் நேராக வலையை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்போது இரண்டு கொக்கிக்கு நடுவே வலை தொய்ந்து, புறா தலையை நுழைக்க இடம் கிடைக்கும். கொக்கிகளின் வழியே நாலு பக்கமும் 2 மி.மீ. ஸ்டீல் கம்பிக்கயிறு ஓட்டி, ஒவ்வொரு பக்கமும் டர்ன்பக்கிள் என்ற இறுக்குத் திருகு ஒன்றால் முறுக்கேற்றி, அதில்தான் வலையின் கண்ணிகளைக் கட்ட வேண்டும். அளவு சுமார் 40 அடி கயிறு.

கொக்கியின் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ பிடிக்க வேண்டும். பூச்சோடு நின்றால் முறுக்கேற்றும்போதே பிடுங்கிக்கொண்டு வரும். கடற்கரைப் பக்கம் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

புறாவுக்கு 50 மி.மீ. கண்ணியே தடுக்கும், சிட்டுக்குருவிக்குத்தான் 19 மி.மீ. வேண்டும். கண்ணுக்குத் தெரியாது என்று விற்கப்படும் கண்ணாடி நைலான் வலையைவிட, கருப்பு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் முறுக்குநூல் வலையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். நைலான் ஈரம் குடித்து மழைக்காலத்தில் தளரும், ஹெச்டிபிஇ குடிக்காது. அதிலுள்ள கரித்தூள் வெயிலையும் தாங்கும். உள்ளிருந்து பார்த்தால் கருப்பு நூல்தான் கண்ணை உறுத்தாது.

சன்ஷேடு வேறு கணக்கு. பால்கனி வலை அதன் மேற்பரப்பை மூடாது. முள்பட்டை ஒட்டினால் வெளி விளிம்புவரை வரிசை வரிசையாக நிரப்ப வேண்டும். இரண்டங்குல இடம் விட்டால் அங்கே நின்றுகொள்ளும். குச்சி சேர்ந்துவிட்டால் அந்த முள்ளே கூட்டுக்குப் பிடிமானம். இதைவிட உறுதியானது சரிவு: சுவரிலிருந்து விளிம்புக்கு 45 பாகைக்கு மேல் சாய்வாக வழவழப்பான அலுமினியத் தகடு பொருத்தினால் கால் வழுக்கும். பக்கவாட்டு முக்கோண வாயையும் அடையுங்கள், இல்லையென்றால் தகட்டுக்கு அடியில் குடியேறும். மாடி உயரத்தில் இதைக் கயிற்றுப் பாதுகாப்போடு வேலை செய்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

பால்கனியில் கடைசியாகப் பார்க்க வேண்டியது ஏசி குழாய் நுழையும் மூலை. வலை கிழிவதைவிட, அங்கே விட்ட கையகல ஓட்டை வழியாகத்தான் புறா அதிகம் உள்ளே வருகிறது. நுழைந்தது வெளியேறத் தெரியாமல் வலையில் சிக்கும். அந்த மூலையில் வலையைக் குழாயைச் சுற்றி மடித்து, கேபிள் டையால் இறுக்குங்கள்.