ஃபுல் அண்ட் ஃபைனல் கேட்கும் கடிதத்தில் கணக்கும் இருக்கட்டும்

“எனக்குச் சேர வேண்டிய ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்டை விரைவில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” வேலையை விடுகிறவர்கள் எழுதி, சம்பளப் பிரிவில் என் மேசைக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. எழுதியவர் மேல் தவறில்லை. ஆனால் இப்படி எழுதினால் கணக்கு முழுவதும் கம்பெனியின் கையில் போய்விடுகிறது. அவர்கள் போடும் தொகைதான் தொகை. அதில் எது விடுபட்டது என்பதே வேலையை விட்டவருக்குத் தெரிவதில்லை.

சமீபத்தில் நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். அந்த ஊழியரின் மாத கிராஸ் 58,000 ரூபாய், அதில் பேசிக் 31,200. போர்ட்டலில் அவர் கணக்கில் 29 நாள் லீவ் காட்டியது. அவர் 58,000-ஐ 30-ஆல் வகுத்து 29-ஆல் பெருக்கி, லீவுக்கு மட்டும் ஏறக்குறைய 56,000 ரூபாய் வரும் என்று நம்பியிருந்தார். கம்பெனி அனுப்பிய தாளிலோ 22,880 என்று இருந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்துப்போனார்.

உண்மையில் இரண்டு கணக்குமே தவறு. அந்த 29 நாளில் 7 நாள் கேஷுவல் லீவ். அந்தக் கம்பெனியின் விதிப்படி, வேறு பல கம்பெனிகளில் இருப்பது போலவே, பணமாக மாறுவது ஈட்டிய விடுப்பு மட்டும்தான். எனவே நாள்கள் 22. அடிப்படை கிராஸ் இல்லை, பேசிக். இதெல்லாம் கம்பெனி சொன்னது சரி. ஆனால் அவர்களுடைய லீவ் பாலிசியில் ஒரு நாள் சம்பளம் என்பது பேசிக்கை 26-ஆல் வகுத்து வருவது என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டவர் வழக்கம்போல 30-ஆல் வகுத்துவிட்டார். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், 22 நாளைக்கு 26,400. வித்தியாசம் 3,520 ரூபாய். பாலிசியின் அந்த ஒரு வரியை மேற்கோள் காட்டி மெயில் அனுப்பியதும் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே கடிதம் எழுத உட்காரும் முன் லீவ் பாலிசியைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த வகை லீவுக்குப் பணம் உண்டு, எதன் மேல் கணக்கு (பேசிக் மட்டுமா, பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்தா, கிராஸா), எத்தனையால் வகுக்கிறார்கள். கூடவே, நோட்டீஸ் காலத்தில் எடுத்த லீவ் ஏற்கெனவே கழிக்கப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட்டலில் ஒரு முறை, செட்டில்மென்ட் தாளில் இன்னொரு முறை என்று அது இரண்டு தடவை கழிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

ரீஇம்பர்ஸ்மென்ட் இதைவிடச் சிக்கலானது. லீவ் கணக்காவது கம்பெனியின் பதிவிலேயே இருக்கும். உங்கள் கைப்பணத்தில் செய்த செலவு, நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். மேலே சொன்ன ஊழியருக்கு மூன்று பாக்கி இருந்தன. ஒரு பயணச் செலவு 8,640, மேனேஜர் ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. வாடிக்கையாளர் சந்திப்புச் செலவு 3,150, கிளெய்ம் போட்டாயிற்று, மேனேஜரிடம் தேங்கி நின்றது. கடைசி மாத இன்டர்நெட் செலவு 1,890, பில்லே இன்னும் வரவில்லை. முதலாவது தானாக வந்துவிடும். மற்ற இரண்டும்தான் காணாமல் போகிறவை. கடைசி வேலை நாளன்று மாலை உங்கள் லாகின் மூடப்பட்டதும், மேனேஜரின் ஒப்புதலுக்குக் காத்திருந்த கிளெய்ம் பல இடங்களில் அப்படியே கிடந்துவிடும். அதற்குப் பிறகு அதை நினைவூட்ட உங்களால் உள்ளே போக முடியாது.

அதனால் கடிதத்தைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே, ஆபீஸ் மெயிலில் இருந்து எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் அனுப்புங்கள். உங்கள் சொந்த மெயிலையும் சிசியில் போடுங்கள். லீவ் பாலன்ஸ் பக்கம், கிளெய்ம் எண்கள், சம்பளச் சீட்டுகள், உங்கள் பில்கள் ஆகியவற்றின் பிரதி கையில் இருக்கட்டும். உங்களுடைய ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பெனியின் வேறு ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் அதையே காரணம் காட்டி செட்டில்மென்ட்டை நிறுத்திவைக்கலாம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

“என் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பு 22 நாள். லீவ் பாலிசிப்படி பேசிக் 31,200 ÷ 26 × 22 = ரூ. 26,400. நிலுவையில் உள்ள ரீஇம்பர்ஸ்மென்ட்: (1) பயணச் செலவு ரூ. 8,640, ஒப்புதல் ஆனது. (2) வாடிக்கையாளர் சந்திப்பு ரூ. 3,150, மேனேஜர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. (3) இன்டர்நெட் ரூ. 1,890, பில் வந்ததும் அனுப்புகிறேன். மொத்தம் ரூ. 13,680. கடைசி மாதச் சம்பளம் இதில் சேராது. ஏதாவது பிடித்தம் இருந்தால் காரணத்தோடு, செட்டில்மென்ட் தாளைப் பணம் அனுப்பும் முன் எனக்கு அனுப்பவும்.”

லீவையும் செலவையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் ஊதியப் பாக்கியை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் வேலைக்காகச் செய்த செலவை ஈடுகட்டக் கொடுக்கும் பணம் அந்தச் சட்டத்தின் ‘ஊதியம்’ என்ற வரையறைக்குள் வராது. அது கம்பெனியின் விதிப்படி வரும். இரண்டையும் ஒரே தொகையாகக் கேட்டால், ஒரு பில்லில் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லி மொத்தத்தையும் 45 நாள் இழுக்க வழி கிடைத்துவிடுகிறது. பிரித்து எழுதியிருந்தால், “பில்லைப் பார்த்துக்கொள்ளலாம், சம்பளப் பாக்கியை இப்போது அனுப்புங்கள்” என்று கேட்கலாம்.

வரியிலும் இதே பிரிவு உதவும். பில்லோடு கொடுத்த அலுவலகச் செலவு வருமானமே இல்லை, அதற்கு டிடிஎஸ் கிடையாது. செட்டில்மென்ட் தாளில் ரீஇம்பர்ஸ்மென்ட் தொகை ‘வரிக்குரியது’ என்ற பத்தியில் இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். தனியார் ஊழியர் வேலையை விடும்போது வாங்கும் லீவ் பணத்துக்கும், வாழ்நாள் முழுவதற்குமாக 25 லட்சம் ரூபாய் வரை, சில நிபந்தனைகளோடு வரிவிலக்கு உண்டு. ராஜினாமா செய்தாலும் அது பொருந்தும். வேலையில் இருந்துகொண்டே ஆண்டுக்கு ஆண்டு லீவை விற்றால் அந்த விலக்கு இல்லை. கம்பெனி தவறாக டிடிஎஸ் பிடித்துவிட்டால் வருமான வரிக் கணக்கில் விலக்கைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

அப்புறம், கையெழுத்து. “எனக்கு வர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளை ரிலீவிங் லெட்டரோடு சேர்த்து நீட்டுவார்கள். கணக்குத் தாளைப் பார்க்காமல், பணம் வங்கியில் ஏறாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். லேப்டாப், அடையாள அட்டை திரும்பக் கொடுத்ததற்கான நோ டியூஸ் வேறு, இது வேறு. நோ டியூஸில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். புது வேலைக்கு ரிலீவிங் லெட்டர் அவசரமாகத் தேவைப்பட்டு, கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், “லீவ் பணம் ரூ. 26,400, ரீஇம்பர்ஸ்மென்ட் ரூ. 13,680 இன்னும் வரவில்லை” என்று கையெழுத்துக்கு மேலே பேனாவால் எழுதி, தேதி போட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.