டிப்ளமேட்டிக் இம்யூனிட்டி: சம்பளம் கேட்டு வேலைக்காரம்மா கேஸ் போட்டா என்ன ஆகும்?

எக்ஸாம்ல இம்யூனிட்டி பத்தி கேட்டா நிறைய பேர் எழுதுற முதல் வரியே 'தூதரக அதிகாரி மேல எந்த கேஸும் போட முடியாது'ன்னு தான் இருக்கும், மார்க் அங்கயே போயிடும். தூதரக உறவுகளுக்கான ஒப்பந்தமான 1961 வியன்னா கன்வென்ஷன் அப்படி சொல்லவே இல்ல. ஆர்ட்டிகிள் 31 படிச்சா கிரிமினல் கேஸ்ல முழு பாதுகாப்பு, சிவில் கேஸ்லயும் பாதுகாப்பு உண்டு ஆனா மூணு விதிவிலக்கோட: சொந்த நிலம் வீடு சம்பந்தப்பட்ட வழக்கு, வாரிசுரிமை வழக்கு, அப்புறம் 31(1)(சி), அதாவது உத்தியோக வேலைக்கு வெளியே அவர் பண்ற தொழில் அல்லது வணிக நடவடிக்கை. முதல் ரெண்டும் சுலபம், கேள்வி வர்றது மூணாவதுல தான்.

சரி, ஒரு டிப்ளமேட் வீட்டுல வேலை பாக்குற பொண்ணு, சம்பளம் குடுக்கலன்னு கேஸ் போடுறா. இது வணிக நடவடிக்கையா? 1996-ல அமெரிக்காவுல டாபியன் எதிர் முஃப்தி வழக்குல அப்பீல் கோர்ட் இல்லன்னு சொல்லிடுச்சு. வீட்டு வேலைக்கு ஆள் வெக்கிறது, கடையில சாமான் வாங்குற மாதிரி, டிப்ளமேட்டோட அன்றாட வாழ்க்கையில ஒரு பகுதி, வியாபாரம் இல்லன்னு காரணம் சொன்னாங்க. கேக்க கொடுமையா இருந்தாலும் லாஜிக் புரியும், ஏன்னா காசு கைமாறுற எல்லாத்தையும் வணிகம்னு எடுத்தா அப்புறம் இம்யூனிட்டில மிச்சம் எதுவுமே இருக்காது.

2017-ல பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டுக்கு ரேயஸ் எதிர் அல்-மல்கி வந்துச்சு, லண்டன்ல இருந்த சவுதி டிப்ளமேட் வீட்டுல 2011-ல வேலை பாத்தவங்க போட்ட கேஸ். இங்க கோர்ட் வேற கதவைத் திறந்துச்சு. அவர் 2014-லயே பதவி முடிஞ்சு கிளம்பிட்டார், அப்போ ஆர்ட்டிகிள் 39(2) வந்துடும், பதவி போனப்புறம் மிஞ்சுறது உத்தியோக முறையில செஞ்ச காரியங்களுக்கான பாதுகாப்பு மட்டும் தான். வீட்டுல சமைக்க, துடைக்க ஆள் வெச்சது தூதரக வேலை இல்ல, அதனால கேஸ் நடக்கலாம்னு தீர்ப்பு. வணிகமா இல்லையாங்கிற கேள்விய முடிவு பண்ண வேண்டிய அவசியமே வரல, நீதிபதிகளுக்குள்ள அதுல கருத்து வேறுபாடும் இருந்துச்சு. (இந்த இடத்துல தான் நிறைய பேர் ரேயஸ் வழக்கு 31(1)(சி)-ய தீர்த்து வெச்சதா எழுதிடுறாங்க, எழுதாதீங்க.)

2022-ல அதே பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்ல பஸ்ஃபார் எதிர் வாங், இதுவும் ஒரு டிப்ளமேட் மேல வீட்டு வேலைக்காரம்மா போட்ட கேஸ் தான். இங்க பதவி முடிஞ்சுடுச்சுங்கிற வழியே கிடையாது, நேரா 31(1)(சி) தான். அந்தம்மாவோட புகார் என்னன்னா, குப்பை போட மட்டும் தான் வெளியே விடுவாங்களாம், எப்ப கூப்பிட்டாலும் ஓடி வர ஒரு காலிங் பெல்ல எந்நேரமும் மாட்டிக்கிட்டே திரியணுமாம், சாப்பிட மிச்சம் மீதி, சம்பளமும் பெரும்பாலும் இல்ல. கேஸ தள்ளுபடி பண்ணுங்கன்னு டிப்ளமேட் கேட்டதால, புகார் உண்மைன்னே வெச்சுக்கிட்டா சட்டப்படி என்ன ஆகும்னு தான் கோர்ட் பாத்துச்சு, நிரூபணம் ஆச்சுன்னு எழுதிடாதீங்க.

3-க்கு 2 மெஜாரிட்டில தீர்ப்பு. சாதாரணமா வீட்டு வேலைக்கு ஆள் வெக்கிறது வணிகம் இல்லைங்கிறத மெஜாரிட்டியும் ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஒருத்தர அடைச்சு வெச்சு கட்டாயமா உழைக்க வெச்சு அதுல வேணும்னே, தொடர்ந்து பண லாபம் பாக்குறது வேற விஷயம், அது அன்றாட வாழ்க்கைக்குள்ள அடங்காதுன்னு கோடு போட்டாங்க. எதிர்ப்பு சொன்ன ரெண்டு பேர், நிலைமை எவ்வளவு மோசமா இருந்தாலும் அது வேலைங்கிற தன்மை மாறி வியாபாரம் ஆயிடாதுன்னு சொன்னாங்க. எனக்கு மெஜாரிட்டி பக்கம் தான் சரின்னு படுது, ஆனா சம்பளம் கொஞ்சம் குறைச்சு குடுத்தா எந்தப் பக்கம் விழும், பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கி வெச்சிருந்தா எந்தப் பக்கம்னு கேட்டா கோடு மங்கலா தான் இருக்கு. இத பதில்ல எழுதலாம், கூடவே இது ஒரு நாட்டு கோர்ட்டோட விளக்கம், மத்த நாட்டு கோர்ட்ட கட்டுப்படுத்தாதுன்னும் சேர்த்துடுங்க.

கிரிமினல் பக்கம் இந்த மாதிரி விதிவிலக்கே கிடையாது. அங்க கதவு திறக்கணும்னா அனுப்பின நாடு ஆர்ட்டிகிள் 32 படி வெளிப்படையா வெய்வர், அதாவது இம்யூனிட்டி வேண்டாம்னு விட்டுக்குடுக்குற சம்மதம், குடுக்கணும், ஏன்னா இம்யூனிட்டி நாட்டோட சொத்து, ஆளோடது இல்ல. 1997-ல வாஷிங்டன்ல ஜார்ஜியா நாட்டு டிப்ளமேட் குடிச்சிட்டு வண்டி ஓட்டி 16 வயசு பொண்ணு இறந்தப்போ ஜார்ஜியா குடுத்துச்சு, அவர் ஜெயிலுக்குப் போனார். குடுக்கலன்னா ஆர்ட்டிகிள் 9 படி காரணமே சொல்லாம ஆள வெளியேத்தலாம், அவ்வளவு தான்.

கேஸ் ஜெயிச்சாலும் வசூல் தனிக் கதை. விதிவிலக்குக்குள்ள வர்ற வழக்குல தீர்ப்ப நிறைவேத்த ஆர்ட்டிகிள் 31(3) விடுது, ஆனா டிப்ளமேட்டோட உடம்பையும் வீட்டையும் தொடாம பண்ணனும். வீட்டுக்குள்ள போய் சாமான ஜப்தி பண்ண முடியாது, அந்த நாட்டுல அவர் பேர்ல வேற சொத்து இருந்தா அத தான் தேடணும்.